ஒன்பது மாதம் எல்லார் முதுகையும் பார்த்தபடி நடந்தேன்

கும்பகோணத்தில் 34 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். பென்ஷன் வாங்க வருகிறவர்கள், மணியார்டர் அனுப்புகிறவர்கள், சும்மா ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்க வருகிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கடைத்தெருவுக்குப் போனால் காய் வாங்குவதற்குள் பத்துப் பேரிடம் பேசியாக வேண்டும். அப்படி இருந்துவிட்டு, ரிட்டயர் ஆகி, கணவரும் போன பிறகு, சென்னையில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மயிலாப்பூர் லஸ் பக்கம், இரண்டாவது மாடி. மகளும் மருமகனும் எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருவார்கள். எனக்கு சர்க்கரை இருக்கிறது, காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில்தான் நாகேஸ்வர ராவ் பூங்கா. சரி, அங்கே நாலு பேர் பழக்கமாவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஒன்பது மாதம் ஒருவரும் பழக்கமாகவில்லை. இந்த ஒன்பது மாதத்தில் நான் இழந்த பணம் 23,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஒரு தடவை உயிருக்கே ஆபத்தாகப் போயிருக்கும். என்னைப் போல வயதான பிறகு ஊர் மாறி வருகிறவர்களுக்கு யாராவது இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதல் நாள் போனபோது எல்லாரும் வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் கோயில் பிராகாரம் சுற்றுகிற பழக்கத்தில் அதே பக்கமாக நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு நீல டீஷர்ட் முதுகு, அதற்கு முன்னால் மூன்று பெண்களின் பின்னல்கள், ஒரு வழுக்கைத் தலை. தினமும் இதேதான். யார் முகமும் எனக்குத் தெரியாது, என் முகமும் யாருக்கும் தெரியாது. வேகமாக நடக்கிறவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள், தாண்டுகிறவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவா போகிறார்? நடந்து முடித்தவர்கள் ஆங்காங்கே பெஞ்சில் கூட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கடக்கும்போது எனக்கு நடையே மாறிவிடும், கையை எப்படி வீசுவது என்றுகூடத் தெரியாது. கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் போய் உட்கார்ந்த மாதிரி. நேரமும் ஒழுங்கில்லை. ஒரு நாள் ஐந்தரைக்குப் போவேன், தூக்கம் வராத மறுநாள் ஐந்துக்கே போய்விடுவேன், பேரன் ஸ்கூல் வேன் வரும் நாளில் ஏழாகிவிடும். ஆறு மணிக்கு வருகிறவர்கள் ஒரு கூட்டம், ஏழு மணிக்கு வருகிறவர்கள் முற்றிலும் வேறு கூட்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. எல்லாக் கூட்டத்துக்கும் நான் எப்போதாவது தென்படுகிற ஆள்.

இரண்டே இரண்டு பேர் முகம் மட்டும் எனக்குத் தெரியும். ஒருவர், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். நான் கடக்கும்போது கைத்தடியை இரண்டு விரல் உயரம் தூக்கி இறக்குவார், அதுதான் அவருடைய வணக்கம். இன்னொருவர் சுங்குடிப் புடவையும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாக, எல்லாரும் வலமாகப் போனால் தான் மட்டும் இடமாக வருகிற ஓர் அம்மா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எதிரில் வருவதால் பார்க்காமல் இருக்க முடியாது. முதலில் பார்த்துக்கொண்டோம், அப்புறம் லேசாகச் சிரித்துக்கொண்டோம், அப்புறம் தலையசைத்துக்கொண்டோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இந்த நிலைமையில்தான் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு மேஜை முளைத்தது. இலவச எடை பரிசோதனை. ஒரு சின்னப் பெண் சிரித்த முகமாக, 'வாங்கம்மா, ரெண்டே நிமிஷம்' என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி நின்றேன். எடை, கொழுப்பு எவ்வளவு என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், 'உங்க உடம்போட வயசு 71 மா' என்றாள். எனக்கு அப்போது 61. அதைவிட என்னை அசைத்தது, அவள் என் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதியதும், மறுநாள் நான் தூரத்தில் வரும்போதே பெயர் சொல்லி 'அம்மா, குட் மார்னிங்' என்று கூப்பிட்டதும்தான். இந்த ஊரில் வீட்டுக்கு வெளியே ஒருத்தர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே பவுடர் டப்பா வாங்கிவிட்டேன். மாதம் 6,500 ரூபாய். ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர், காலை டிபனுக்குப் பதில் நடை முடிந்து வந்து மேஜையில் ஒரு டம்ளர். மூன்று மாதம், 19,500 ரூபாய். மகளிடம் சொல்லவில்லை. நாலு பேரைச் சேர்த்துவிட்டால் எனக்கு விலை குறையும் என்றாள். நாலு பேரைத் தெரிந்திருந்தால் நான் ஏன் தினமும் இவள் மேஜைக்கு வந்து நிற்கப்போகிறேன் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். உண்மையில் நான் அந்தப் பவுடருக்குக் கொடுக்கவில்லை, அந்த 'குட் மார்னிங்'குக்குத்தான் கொடுத்தேன். இது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

அந்தப் பெண்ணைத் திட்டி எழுத வரவில்லை, அவளுக்கும் பிழைப்பு. ஆனால் பார்க்கில் நான் பார்த்தவரை ஒன்று சொல்லலாம். நடக்க மட்டும் வருகிறவர்கள் பெயர் கேட்கவே மாதக்கணக்கில் ஆகும், போன் நம்பர் அதற்கும் பின்னால். முதல் இரண்டு நாளிலேயே பெயரும் நம்பரும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறவர் பெரும்பாலும் எதையாவது விற்க வந்தவர். பவுடர் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ், அதுவும் இல்லாவிட்டால் சீட்டு. இன்னொரு அடையாளம், அவர்களுடைய கேள்விகள் எல்லாம் உங்கள் உடம்பையும் வருமானத்தையும் பற்றியே இருக்கும். மற்றவர்கள், 'எத்தனை ரவுண்டு ஆச்சு?' என்றுதான் கேட்பார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள். மகள் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தாள், மருமகன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் அம்மா வீட்டில். முன்பெல்லாம் நடந்து வந்து இட்லி தட்டில் விழுந்த பிறகுதான் சர்க்கரை மாத்திரை போடுவேன். இப்போதுதான் வீட்டில் டிபனே கிடையாதே, மறந்துவிடக் கூடாது என்று எழுந்தவுடன் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். ராத்திரி சாப்பிட்டது ஒரு டம்ளர் பவுடர் கரைசல், காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்கு மேல் நடை. இதில் என்ன தப்பு என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான் போட்டுக்கொண்டிருந்தது கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்க்காது, இருக்கிற சர்க்கரையை இறக்கிவிடும். நடையும் சேர்ந்து இறக்கும்.

ஐந்தாவது ரவுண்டில் பசி கிள்ளியது. வழக்கமான பசி இல்லை, பிடுங்கித் தின்கிற பசி. வெயிலே வராத நேரத்தில் ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியது, அதுவும் குளிர்ந்த வியர்வை. கை நடுங்கியது. எதிரில் இருந்த மரம் இரண்டாகத் தெரிந்தது. நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். போனை எடுத்தேன், கட்டைவிரல் வியர்வையில் வழுக்கித் திறக்கவே மாட்டேன் என்கிறது, நம்பர் போட்டுத் திறக்கலாம் என்றால் நம்பர் ஞாபகம் வரவில்லை. இரண்டு மூன்று பேர் தாண்டிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளையின் முதுகைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கமாக வந்த சுங்குடிப் புடவை நின்றது. என் முகத்தைப் பார்த்ததும், 'ஏங்க, சுகரா?' என்றார். தலையாட்டினேன். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு பொட்டலம், அதில் மூன்று ஸ்பூன் அளவு வெறும் சர்க்கரை. கையில் கொட்டி வாயில் போடச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், 15 நிமிஷம். நடுக்கம் முழுசாக நிற்கவில்லை என்று இன்னொரு பொட்டலம். அவருடைய வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரையாம், அந்தப் பை பழக்கம் அப்படி வந்ததாம். நீங்கள் மயங்கிச் சரிந்திருந்தால் வாயில் எதுவும் போட்டிருக்க மாட்டேன், 108-ஐத்தான் கூப்பிட்டிருப்பேன் என்று பிற்பாடு சொன்னார். மயங்கினவர் வாயில் எதைக் கொடுத்தாலும் மூச்சுக்குழாயில் போய்விடுமாம். இது எனக்குத் தெரியாது, தெரியாதவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆட்டோவில் பக்கத்து க்ளினிக்குக்குக் கூட்டிப்போனார். இரண்டு பொட்டலம் சர்க்கரை தின்ற பிறகும் 68 காட்டியது. அங்கே நாலு மணி நேரம் படுக்க வைத்து, க்ளூகோஸ் ஏற்றி, 3,850 ரூபாய் பில். அந்த வகை மாத்திரையில் திரும்பவும் இறங்கலாம் என்பதால்தான் உடனே அனுப்பவில்லை. ஃபாரம் நிரப்பும்போது நர்ஸ் கேட்டாள், 'பேஷண்ட் பேர் என்ன?' சுங்குடிக்காரம்மா என்னைப் பார்த்தார். ஒன்பது மாதம் தலையசைத்திருக்கிறோம், பெயர் தெரியாது. நான் சொன்னேன், அவர் எழுதினார். 'உடன் வந்தவர் உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'வாக்கிங்' என்று எழுதினார். நர்ஸ் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படுத்திருந்தபோது ஒரே யோசனை. அவ்வளவு பேர் நடக்கிற இடத்தில் எனக்கு ஏன் இந்த ஒருத்தரை மட்டும் தெரிந்தது? அவர் எதிரில் வந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தபால் ஆபீஸ் கணக்குப் புத்தி போகுமா, வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு ரவுண்டுக்கு 6 நிமிஷம் ஆகிறது, இன்னொருவருக்கு 5 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கமாகச் சுற்றினால் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் அவர் என்னைத் தாண்டுவார், அதுவும் பின்னாலிருந்து. எதிரெதிராகச் சுற்றினால் அதே அரை மணியில் 11 தடவை முகத்துக்கு முகம் சந்திப்போம். ஒரே வேகமாக இருந்துவிட்டால் இன்னும் மோசம், ஒரே பக்கம் நடக்கிற இருவர் வருஷக்கணக்கில் நடந்தாலும் சந்திக்கவே மாட்டார்கள்.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒன்று, நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் முன்னே பின்னே போகாதீர்கள். இன்னொன்று, கூட்டம் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். சில பூங்காக்களில் இந்தப் பக்கம்தான் நடக்க வேண்டும் என்று போர்டு வைத்திருப்பார்கள், அங்கே வேண்டாம். பாதை குறுகலாக இருந்தால் ஓரமாக ஒதுங்கி நடங்கள், இல்லாவிட்டால் சிநேகத்துக்குப் பதில் சண்டைதான் வரும். போர்டு இருக்கிற இடத்தில், தினமும் ஒரே பெஞ்சில் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம் பாதையைப் பார்த்து உட்காருங்கள், கிட்டத்தட்ட அதே பலன். கைத்தடிப் பெரியவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எனக்கு இடமாகச் சுற்றுவதா என்று மனசு முதலில் உறுத்தியது. சாமியா இருக்கிறது நடுவில், என்று தேற்றிக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பப் போனேன். சுங்குடிக்காரம்மாவிடம் நம்பர் வாங்காமல் விட்டிருந்தேன், அவரும் கேட்கவில்லை. கேட்டுக்குள் நுழைந்ததும் பாதி ரவுண்டில் எதிரே வந்தவர் நடையை நிறுத்தி, 'அஞ்சு நாளா காணோமே, தேவலையா?' என்றார். அவர் எண்ணி வைத்திருந்தார். எனக்குப் பின்னால் வந்த தொப்பிக்காரர், இதுவரை என்னைப் பார்த்ததே இல்லை என்று நான் நினைத்தவர், 'இவங்கதானா? சர்க்கரை போட்டு எழுப்பினீங்களே?' என்றார். அன்று நடை முடிந்ததும் அவர்கள் பெஞ்சில் எனக்கும் ஒதுங்கி இடம் விட்டார்கள். எனக்குத் தெரிந்து, 'காணோமே' என்கிற ஒரு வார்த்தையில்தான் பார்க்கில் எல்லாமே மாறுகிறது. அதற்கு முன்னால் எத்தனை வணக்கம் சொன்னாலும் அது மரியாதை, அவ்வளவுதான். காணோமே என்று கேட்டுவிட்டால், நீ வராவிட்டால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடுகிறது. அதனால் பேச்சு ஆரம்பிக்கத் தெரியாமல் தவிக்கிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம். தினமும் பார்க்கிற ஒருவர் இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வந்தால், 'ரெண்டு நாளா காணோமே' என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் போனவர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று தோண்டாதீர்கள், ஊருக்குப் போயிருந்தேன் என்றால் ஊருக்குப் போனதாகவே இருக்கட்டும்.

வணக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, எதிர்ப்பக்கம் நடந்தால் அது உடனே தெரியும். முதல் ரவுண்டில் முகம் மலர வணக்கம் சொல்லியாயிற்று, மூன்று நிமிஷத்தில் அதே ஆள் மறுபடி எதிரே வருகிறார், இப்போது என்ன செய்வது? மறுபடி வணக்கமா? பார்க்காத மாதிரி மரத்தைப் பார்ப்பதா? முதல் வாரம் முழுக்க நான் மரத்தைத்தான் பார்த்தேன். பழகினவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். முதல் சந்திப்பில்தான் வாய் திறந்து சொல்கிறார்கள், அப்புறம் வெறும் கண், அப்புறம் விரல். தொப்பிக்காரர் எத்தனாவது ரவுண்டு என்று விரலைக் காட்டிக்கொண்டே போவார், நானும் என் கணக்கைக் காட்டுவேன். அவர் நாலு, நான் மூன்று. ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு சின்னப் போட்டியே நடக்கும்.

இப்போது எங்கள் பெஞ்சில் ஏழு பேர். சுங்குடிக்காரம்மா எனக்கு மேடம் ஆகி, அப்புறம் அக்கா ஆகிவிட்டார். என்றைக்கு ஆனார் என்று யோசித்தால் தெரியவில்லை. அமிர்தாஞ்சனம் ஆரம்பித்த நாகேஸ்வர ராவ் பெயரில்தான் இந்தப் பார்க் என்று சொன்னதும் அவர்தான், தைலம் தேய்த்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், தெரியாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகள் மைக் இல்லாமல் பாடுகிற கச்சேரி இங்கே நடக்கும். அதற்குச் சேர்ந்து உட்கார்ந்த அன்றுதான் நடையைத் தவிர வேறு ஒன்றை முதன்முதலாகச் சேர்ந்து செய்தோம். அதற்கு அப்புறம்தான் காபி, அதற்கும் அப்புறம் வீட்டுக்குப் போய் வருவது. வாட்ஸப் குழுவும் உண்டு. பூப்படத்தோடு காலை வணக்கம் தினமும் முப்பது வரும், நான் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன். அந்தக் குழுவால் உருப்படியான பயன் ஒன்று உண்டு. யாராவது சொல்லாமல் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் பெஞ்சிலிருந்தே ஒருவர் போன் போடுவார். ஒருவருக்கு ஒருவர் கடன் கொடுப்பதில்லை, சீட்டு சேர்ப்பதில்லை என்பதை யாரும் சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடிக்கிறோம். முன்பு ஒரு கூட்டம் சீட்டால் உடைந்து, ஒரே பார்க்கில் இரண்டு பெஞ்சாகப் பிரிந்த கதையைத் தொப்பிக்காரர் சொன்னார்.

டாக்டர் மாத்திரையைப் பழையபடி டிபனோடு போடச் சொல்லிவிட்டார், நடக்கக் கிளம்பும் முன் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடச் சொன்னார். உங்கள் மாத்திரை எந்த வகை, எப்போது போடுவது என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். என் பர்ஸில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது, பெயர், சர்க்கரை நோயாளி, மாத்திரை பெயர், மகள் நம்பர். போன் பூட்டியிருந்தாலும் அவசர நம்பர் தெரிகிற மாதிரி பேத்தி வயசு பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி செய்துகொடுத்தாள். இடுப்பில் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு. பவுடர் பணத்தில் பிரிக்காத டப்பாவுக்காவது திருப்பிக் கேட்டேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். அடுத்த வாரம் மேஜையே இல்லை.

கைத்தடிப் பெரியவரைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. அவர் எந்தப் பெஞ்சிலும் சேரவில்லை. போன மாதம் எட்டு நாள் அவரைக் காணவில்லை. எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது, வீடு தெரியாது. வாட்ச்மேனைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்று பெயரையும் நம்பரையும் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு நேராக எதிரில் போய் நின்று, 'எட்டு நாளா காணோமே' என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன்' என்றார். அடுத்து நான் வாயைத் திறப்பதற்குள், 'எத்தனை ரவுண்டு ஆச்சு?' என்றார். மூன்று என்றேன். 'அப்ப நிக்காதீங்க, போங்க' என்று கைத்தடியை இரண்டு விரல் தூக்கி இறக்கினார்.